கோபத்தை விழுங்குவதா, மறுமதிப்பீடு செய்வதா?

என் தோழி ஒருத்தி தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு நாள் நைட் டியூட்டி முடியப்போகிற நேரம், காலை ஆறே முக்கால். ட்ரிப்ஸ் தீர்ந்து அரை மணி நேரமாகிறது என்று ஒரு நோயாளியின் மகன் அவள் மேஜைக்கே வந்து கத்த ஆரம்பித்தார். "பெல் அடிச்சு அடிச்சு கை வலிக்குது. நீங்கல்லாம் எதுக்கு சம்பளம் வாங்குறீங்க? அப்பா ராத்திரி பூரா தூங்கல, நேத்து சாயந்திரத்துலருந்து ஒண்ணுக்குப் போகல, ஏன்னு கேக்க நாதியில்ல இங்க!"

அவள் பதில் பேசவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று எழுந்துபோய் ட்ரிப்ஸை மாற்றினாள். ஏழரைக்கு ஹேண்ட்ஓவர். காலை டியூட்டிக்கு வந்த சிஸ்டரிடம் அந்தப் படுக்கையைப் பற்றி அவள் சொன்னது, "அட்டெண்டர் ஒரு மாதிரி, பாத்துக்கோ" என்பது மட்டும்தான். ஒன்பதரை மணி ரவுண்ட்ஸில் டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதுதான் சிறுநீர் அடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்குள் பெரியவர் வலியில் துடித்துவிட்டார். டியூப் போட்டபின் சரியாகிவிட்டது. ஆனால் மறுநாள் அந்த மகன், "உங்ககிட்ட காலையிலயே சொன்னேனே சிஸ்டர்" என்றபோது அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை.

"காதுல விழுந்திருக்கும்டி. உள்ள போகல" என்றாள் என்னிடம். நான் மனநல ஆலோசகர். அவள் கேட்டது இதுதான்: "கத்துனா பொறுத்துக்கோ, முகத்துல காட்டாதேன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. நான் அதைத்தானே செஞ்சேன்?"

அதைத்தான் செய்தாள். அதனால்தான் அந்த ஒரு வரி தவறிப்போனது என்பது என் கணிப்பு. உறுதியாகச் சொல்ல முடியாது, இரவெல்லாம் கண்விழித்த களைப்பும் சேர்ந்திருக்கும். ஆனாலும் இப்படி ஒரு தருணத்தில் ஒருவருக்கு முன்னால் இருக்கும் இரண்டு வழிகளை எடைபோட அவளுடைய அந்தக் காலைப்பொழுது நல்ல உதாரணம்.

முதல் வழி நமக்கு நன்றாகவே பழக்கமானது. உணர்ச்சி வந்துவிட்டது, அது முகத்திலும் குரலிலும் வெளியே தெரியாமல் பிடித்துவைப்பது. பேச்சுவழக்கில் விழுங்குவது என்போம். உளவியலில் இதை வெளிப்பாட்டை அடக்குதல் என்று சொல்லலாம். இரண்டாவது, நடந்ததற்கு நாம் கொடுக்கும் பொருளை மாற்றுவது. இதற்கு மறுமதிப்பீடு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் விண்ணப்பிக்கிற அதே மறுமதிப்பீடுதான். விடைத்தாள் அதேதான், ஒரு எழுத்துகூட மாறாது. இன்னொரு கண் அதைப் படிக்கிறது, அவ்வளவுதான். மதிப்பெண் கூடலாம், கூடாமலும் போகலாம்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் நேரம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு கையை அறுவைசிகிச்சையில் வெட்டி எடுக்கும் படத்தை மூன்று குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவிடம் சும்மா பார்க்கச் சொன்னார். இன்னொரு குழுவிடம், என்ன உணர்ந்தாலும் வெளியே தெரியக்கூடாது என்றார். மூன்றாவது குழுவிடம், ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல் தள்ளி நின்று, அதன் நுட்பத்தைக் கவனிப்பதுபோல் பாருங்கள் என்றார். அடக்கியவர்கள், மருத்துவர் கண்ணால் பார்த்தவர்கள், இரு தரப்பிலும் முகத்தில் அருவருப்பு குறைவாகவே தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் மறுமதிப்பீடு செய்தவர்களுக்கு உள்ளேயும் அருவருப்பு குறைந்திருந்தது. அடக்கியவர்களுக்கு அது துளியும் குறையவில்லை. போதாக்குறைக்கு, சும்மா பார்த்தவர்களைவிட அவர்களுடைய உடல் அதிகம் முறுக்கேறியிருந்தது. விரல் நுனியில் ரத்த ஓட்டம் சுருங்கியது, தோலில் வியர்வைச் சுரப்பு கூடியது.

காரணம் எளிது. அடக்குகிறவர் வேலையைத் தொடங்கும்போது உணர்ச்சி முழுதாக எழுந்து நின்றுகொண்டிருக்கிறது. அதை அவர் அணைக்கவில்லை, வாசலை மட்டும் சாத்துகிறார். உள்ளே இருப்பது முட்டிக்கொண்டே இருக்கும், அவர் சாய்ந்து தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். மறுமதிப்பீடு செய்கிறவர் உணர்ச்சி உருவாகிற கட்டத்திலேயே கைவைக்கிறார். ஒருமுறை பொருள் மாறிவிட்டால் அதன்பின் தள்ளிப்பிடிக்க வேண்டிய அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

இந்தத் தள்ளிப்பிடிக்கும் வேலைக்குத்தான் என் தோழி கவனத்தைக் கொடுத்துவிட்டாள். அடக்குகிறபோது மனத்தில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருப்பது இது: கண் கலங்குதா, உதடு நடுங்குதா, குரல் சரியா வந்துச்சா. ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் 2000-இல் வெளியிட்ட சோதனைகளில் காயம்பட்ட ஆண்களின் படங்களைக் காட்டி, கூடவே அவர்களுடைய பெயர், தொழில், நேர்ந்த விபத்து ஆகியவற்றைச் சொன்னார்கள். உணர்ச்சியை வெளிக்காட்டாமல் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட விவரங்கள் பிறகு சரியாக நினைவுக்கு வரவில்லை. மறுமதிப்பீடு செய்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அந்தச் சோதனைக்கூடத்தில் போனது ஒரு பெயரும் தொழிலும். வார்டில் போனது "சாயந்திரத்துலருந்து ஒண்ணுக்குப் போகல".

அடக்குவதற்கு இன்னொரு விலையும் உண்டு, அதை எதிரில் இருப்பவர் கொடுக்கிறார். எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் 2003-இல் செய்த ஆய்வில், முன்பின் அறியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சின் விளைவுகளைக் காட்டும் படத்தைப் போட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜோடியில் ஒருத்திக்கு மட்டும் ரகசியமாக, உணர்ச்சியைக் காட்டாதே என்று சொல்லியிருந்தது. இன்னொருத்திக்கு அது தெரியாது. தெரியாத அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தம் ஏறியது. இவளோடு பழகலாம் என்ற எண்ணமும் அவளுக்குக் குறைந்தது. மேஜைக்கு முன்னால் நின்ற அந்த மகனை இப்போது நினைத்துப் பாருங்கள். அப்பா துடிக்கிறார், இங்கே ஒரு கல் முகம். அவர் குரல் ஏன் தணியவில்லை என்பது புரிகிறது. நர்ஸுக்கு அது பொறுமை. அவருக்கு அது அலட்சியம்.

மறுமதிப்பீடு அந்த நிமிஷத்தில் எப்படி இருந்திருக்கும்? நான் அவளோடு உட்கார்ந்து அதை வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். முதலில் அவள் எழுதியது: "எல்லாம் நன்மைக்கே, கடவுள் பார்த்துப்பார்." இது மறுமதிப்பீடு இல்லை, வெறும் சமாதானம். நடந்தவற்றில் எதையும் இது தொடவில்லை, அவளுக்கே அதில் நம்பிக்கையும் இல்லை. இரண்டாவது: "தப்பு என்னுதுதான், ட்ரிப்ஸைப் பாத்திருக்கணும்." இதுவும் பொருளை மாற்றுவதுதான், ஆனால் கோபத்தைக் குற்ற உணர்வாக மாற்றி அதே எடையை இன்னொரு தோளில் வைக்கிறது. அன்று இரவு அவள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்த படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது உண்மையும் இல்லை. மூன்றாவதுதான் நின்றது: "இவர் ராத்திரி முழுக்க அப்பா பக்கத்துல உக்காந்து பயந்திருக்கார். பயம்தான் இப்படிக் கத்துது."

இந்த மூன்றாவது வாக்கியத்தில் என்ன விசேஷம்? அது நம்பக்கூடியது. எதிரே இருக்கிற ஆதாரங்களால் ஆனது: கண் சிவந்திருக்கிறது, சட்டை கசங்கியிருக்கிறது, இரவு முழுக்க பெல் அடித்திருக்கிறார். அதைவிட முக்கியமாக, அது ஒரு கேள்வியைக் கிளப்புகிறது. "என்னை அவமானப்படுத்துகிறார்" என்று எடுத்துக்கொண்டால் அடுத்து யோசிக்க வேண்டியது என்னைப் பற்றித்தான். "பயப்படுகிறார்" என்று எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: எதைப் பார்த்துப் பயப்படுகிறார்? அந்தக் கேள்வியோடு கேட்டால் வசவுக்கு நடுவில் கிடந்த அந்த மருத்துவத் தகவல் கண்ணில் படாமல் போகாது. ஏராளமான சோதனைகளைத் தொகுத்து தாமஸ் வெப்பும் சகாக்களும் 2012-இல் செய்த பகுப்பாய்வும் இதையொட்டியே சொல்கிறது: தன் உணர்ச்சியை மறுமதிப்பீடு செய்வதைவிட, நடந்த சூழலை மறுமதிப்பீடு செய்வதும், இன்னொருவர் இடத்திலிருந்து பார்ப்பதும் அதிகம் பலன் தருகின்றன. "எனக்குக் கோபம் வருவது இயல்புதான்" என்று சொல்லிக்கொள்வது ஓரளவுதான் உதவும்.

இதுவரை படித்தால் அடக்குவது கெட்டது, மறுமதிப்பீடு நல்லது என்று முடித்துவிடத் தோன்றும். நல்வாழ்வு பற்றிய ஆய்வுகளும் மேலோட்டமாக அப்படித்தான் சொல்கின்றன. கிராஸும் ஆலிவர் ஜானும் 2003-இல் பத்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள், ஆறு மறுமதிப்பீட்டுக்கு, நான்கு அடக்குவதற்கு. வழக்கமாக அடக்குகிறவர்களிடம் மகிழ்ச்சி குறைவாகவும் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாகவும் இருந்தன, நெருங்கிய துணையும் குறைவாகவே இருந்தது. வழக்கமாக மறுமதிப்பீடு செய்கிறவர்களிடம் இதற்கு நேர்மாறு. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, எது காரணம் எது விளைவு என்று சொல்லவில்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவர் அதிகம் அடக்கவும் செய்யலாம். ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அடக்கும் பழக்கம் கோபத்தோடு நிற்பதில்லை. 1997-இல் கிராஸும் லெவன்சனும் சிரிப்புப் படத்தைக் காட்டி அடக்கச் சொன்னபோது சிரிக்காதவர்களுக்கு உள்ளே வேடிக்கையும் குறைந்துபோனது. துக்கப் படத்தில் அடக்கியவர்களுக்கோ துக்கம் குறையவில்லை. எது மிஞ்ச வேண்டுமோ அது போகிறது, எது போக வேண்டுமோ அது மிஞ்சுகிறது. மோசமான பேரம்தான்.

ஆனாலும் மறுமதிப்பீடு எல்லா நேரத்திலும் கைகொடுக்காது. இதைச் சொல்லாமல் விடுகிற சுயமுன்னேற்றப் பேச்சுகள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதைச் செய்ய மூளைக்குத் தெம்பு வேண்டும். 2013-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் ராயோவும் எலிசபெத் ஃபெல்ப்ஸும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பயத்தை எண்ணத்தால் குறைக்கும் முறையை ஒரு நாள் கற்றுக்கொடுத்தார்கள். மறுநாள் பாதிப் பேரை ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருக்கச் செய்து, பிறகு அதே முறையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கைவைத்தவர்களுக்கு முறை வேலைசெய்தது. ஐஸில் வைத்தவர்களுக்குச் செய்யவில்லை. சில நிமிட ஐஸ் தண்ணீரே இதைச் செய்தால், பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி என்ன செய்யும்? அந்தக் கொதிநிலையில் புதிதாக ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடி என்று அவளிடம் சொல்வது நியாயமில்லை.

அதனால் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அடக்குவதையே நான் பரிந்துரைப்பேன். திருப்பிக் கத்தினால் வேலைக்கே ஆபத்து. அடக்குவதால் முகம் நிஜமாகவே கட்டுப்படுகிறது, அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. பிரச்சினை, அந்த ஒரு நிமிஷத்தை ஒரு நாளாக, ஒரு சுபாவமாக நீட்டுவதில்தான் இருக்கிறது. நம் மாதிரிச் சமூகங்களில் அடக்குவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு என்றும் சொல்லலாம். ஹோஸே சோட்டோவும் மற்றவர்களும் 2011-இல் ஹாங்காங் மாணவர்களையும் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்க மாணவர்களையும் ஒப்பிட்டபோது, அமெரிக்கர்களிடம் அடக்குவது மனச்சோர்வோடு சேர்ந்து காணப்பட்டது, ஹாங்காங்கில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பெரியவர் முன்னால் குரலை அடக்குவது மரியாதை என்று இருவருக்கும் தெரிந்திருந்தால், அந்த மௌனத்தை யாரும் புறக்கணிப்பாகப் படிக்க மாட்டார்கள். ஹாங்காங்கை அப்படியே மதுரைக்குக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் மாமனாருக்கு முன்னால் மருமகள் விழுங்குவதும், அட்டெண்டருக்கு முன்னால் நர்ஸ் விழுங்குவதும் ஒரே விலை கொண்டவை இல்லை என்பதைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. முன்னதில் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று இரு தரப்புக்கும் தெரியும். பின்னதில் தெரியாது.

மறுமதிப்பீட்டின் இரண்டாவது எல்லைதான் எனக்கு அதிக கவலை தருவது. அலிசன் டிராயும் சகாக்களும் 2013-இல், மறுமதிப்பீடு செய்யும் திறனைச் சோதனைக்கூடத்தில் அளந்து, அவரவர் வாழ்க்கையில் இருந்த நெருக்கடியோடு பொருத்திப் பார்த்தார்கள். நம் கையில் இல்லாத நெருக்கடி என்றால், திறன் அதிகமுள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. மாற்றக்கூடிய நெருக்கடி என்றால் நேர் எதிர்: திறன் அதிகமுள்ளவர்களுக்கே மனச்சோர்வு அதிகம். மாற்ற வேண்டியதை மாற்றாமல், பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

என் தோழியின் விஷயத்தில் இரண்டும் கலந்திருந்தன. பயந்துபோன ஒரு மகனின் குரல் அவள் கையில் இல்லை, அதற்கு மறுமதிப்பீடு சரி. ஆனால் நைட்டில் ஒரு நர்ஸுக்கு இத்தனை படுக்கை என்பது யாரோ போட்ட டியூட்டி லிஸ்ட். அதை "எல்லா வேலையிலும் கஷ்டம் உண்டு" என்று மறுமதிப்பீடு செய்யக்கூடாது. அதற்கு நர்சிங் சூப்பரின்டெண்டிடம் எழுத்தில் போக வேண்டும், தேதி, மணி, படுக்கை எண்ணிக்கையோடு. அந்தக் கோபம் தேவை, கடிதம் எழுதி முடிக்கிற வரைக்காவது. எந்தக் கோபம் எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் அவளுக்குச் சொன்ன சோதனை இது: இதே விஷயத்துக்கு இந்த மாதம் எத்தனையாவது தடவை மறுமதிப்பீடு செய்கிறாய்? மூன்றாவது தடவை ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால், மாற வேண்டியது வாக்கியம் இல்லை.

சரியான மறுமதிப்பீட்டை உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். தோள் இறங்கும், மூச்சு நீளும், ஒரு மணி நேரம் கழித்து அதே காட்சி மனத்தில் மறுபடி ஓடாது. சமாதானம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது "அப்போ இப்படிச் சொல்லியிருக்கணும்" என்று வசனம் எழுதிக்கொண்டே போவீர்கள்.

அந்த வசனம் வீட்டுக்கும் வந்துவிடும், அவளுக்கு வந்தது. டியூட்டி முடிந்து போய் காபி டம்ளரை வைத்த சத்தத்துக்குக் கணவரோடு சண்டை. இங்கேதான் கொதிநிலை இல்லாதபோது செய்கிற மறுமதிப்பீடு உதவும். எலி ஃபிங்கெலும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 120 தம்பதிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டு எல்லோருக்கும் மணவாழ்வின் நிறைவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு எழுத்துப் பயிற்சி: சமீபத்திய சண்டை ஒன்றை, இருவருக்கும் நல்லது நினைக்கிற ஒரு மூன்றாம் மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று ஏழு நிமிடம் எழுத வேண்டும். ஆண்டில் மூன்று தடவை, மொத்தம் 21 நிமிடம். அவர்களுக்கு இறக்கம் நின்றது, எழுதாதவர்களுக்குத் தொடர்ந்தது. சண்டை குறையவில்லை, சண்டையால் வரும் மனவருத்தம்தான் குறைந்தது. தோழி இதைக் கேட்டுவிட்டு, "மூணாம் மனுஷன்னா யாரு, எங்க மாமியாரா?" என்றாள். மாமியார் வேண்டாம் என்றேன். அவளுடைய பெரியப்பா ஒருவர், இரண்டு பேரையும் திட்டக்கூடியவர், அவரை வைத்துக்கொண்டாள்.

வார்டுக்கு அவள் செய்துகொண்ட ஏற்பாடு என் யோசனையைவிட நன்றாக இருந்தது. "பயம்தான் கத்துது" என்ற வாக்கியத்தை டியூட்டிக்குப் போகும்போதே தயாராக எடுத்துக்கொண்டு போகிறாள். அங்கே போய்த் தேட வேண்டியதில்லை, களைப்பில் தேடவும் முடியாது. அதோடு யாராவது கத்த ஆரம்பித்தால் பேனாவை எடுத்து அவர்கள் சொல்வதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுகிறாள். கை எழுதிக்கொண்டிருக்கும்போது முகத்தைக் காவல் காக்க நேரமில்லை, சொல்லப்பட்டதும் காகிதத்தில் இருக்கிறது. போன வாரம் ஒரு அம்மாள் வந்து கத்தினார்களாம். இவள் எழுதத் தொடங்கியதும் அந்த அம்மாள் நிறுத்தி, பேனாவைப் பார்த்து, மெதுவாகத் திரும்பச் சொன்னார்களாம். "காலையில நாலு மணிக்கு வாந்தி, அப்புறம் அஞ்சே காலுக்கு இன்னொரு தடவை. எழுதிட்டீங்களா சிஸ்டர்?"